காஸரூனியா, சிஷ்தியா: வணிக வழியில் இரண்டு தரீக்காக்கள்

இஸ்லாம் பரவியது வணிகராலா, ஸூஃபிகளாலா என்று கேட்பவர்கள் காஸரூனியா, சிஷ்தியா என்ற இந்த இரண்டு தரீக்காக்களையும், அதாவது ஸூஃபி அமைப்புகளையும், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பணம்: காஸரூனியாவினர் கடலை நம்பினார்கள். புயலோ கொள்ளையரோ மிரட்டினால் வணிகர்கள் ஈரானின் காஸரூனில் அடங்கிய ஷேக் அபூ இஸ்ஹாக்கின் பெயரில் நேர்ந்து, தொகையை எழுதி வைப்பார்கள். கரை சேர்ந்ததும் தரீக்காவின் ஆட்கள் கப்பலேறி வசூலிப்பார்கள். உதவி கேட்கும் ஃபக்கீருக்குத் தரீக்காவினர் ஷேக்கின் முத்திரையிட்ட சீட்டு கொடுப்பார்கள். அந்த ஃபக்கீர் நேர்ந்துகொண்டவரைத் தேடிப் பணம் வாங்கி, சீட்டின் பின்புறம் பற்று எழுதுவார். கிட்டத்தட்ட வணிகர்கள் பணம் மாற்றப் பயன்படுத்திய உண்டியல் சீட்டுதான்! 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா இதை விவரிக்கிறார்.
சிஷ்தியாவினரோ கேட்காமல் வரும் காணிக்கையை உடனே பகிர்ந்துவிடுவார்கள். டில்லியின் நிஜாமுத்தீன் அவுலியா அரசு மானியத்தை ஏற்கவில்லை.

அமைப்பு: காஸரூனியாவுக்குக் கோழிக்கோடு, கொல்லம், சீனாவின் ஜைத்தூன் எனத் துறைமுகக் கிளைகள்; சிஷ்தியாவிலோ தகுதியான சீடருக்குக் கிலாஃபத், அதாவது குருவின் பிரதிநிதியாக இருக்கும் உரிமை, கொடுத்து வேறு ஊருக்கு அனுப்புவது.

பரவல்: காஸரூனியா பெரும்பாலும் ஏற்கெனவே முஸ்லிமான வணிகரைத் தாங்கியது. சிஷ்தியா ஞானி பாபா ஃபரீத் தங்கிய பஞ்சாபின் அஜோதனோ முல்தான்-டில்லி பாதையில் ஆற்றுக் கடவு. அவருடைய தர்காவோடு ஒட்டிய பஞ்சாப் குலங்கள் சில நூற்றாண்டுகளில் மெல்ல முஸ்லிமாயின.

ஆக, துறைமுகச் சமூகம் எப்படி நிலைத்தது என்றால் முதலாவது. உள்நாட்டு உழவர் எப்படி மாறினர் என்றால் இரண்டாவது.