கையால் கறப்பதா, இயந்திரத்தாலா? பால் பண்ணையில் பார்த்தவை

பள்ளிச் செயல்திட்டத்துக்காக நாமக்கல் அருகே ஒரு பண்ணைக்குப் போனோம். இரண்டு மாடு வைத்திருக்கும் என் மாமா கறவை இயந்திரம் வாங்க நினைப்பதால், அதையே கவனித்தேன்.

நேரம்: மடியைக் கழுவித் துடைத்ததும் பால் இறங்குகிறது, அது சில நிமிடங்களே நீடிக்கும். இயந்திரம் அதற்குள் முடிக்கிறது. கறப்பவர் கதை பேசினால் பால் மடியிலேயே தங்கிவிடும்.

மடிநோய்: முதல் பீச்சலைக் கறுப்புக் கிண்ணத்தில் விட்டு, திரித்திரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். இயந்திரம் வைத்திருந்தாலும் இது கைவேலைதான். பால் நின்றபின் அதைக் கழற்றாவிட்டால் காம்பு புண்ணாகும். கை தானே உணர்ந்து நிறுத்தும்.

சுத்தம்: கைக்கு ஒரு வாளி. இயந்திரத்துக்கோ ஒவ்வொரு வேளையும் குழாய், ரப்பர் உறை எல்லாவற்றையும் கழுவவேண்டும்.

பத்து மாடு என்றால் இயந்திரம். மாமாவுக்குக் கையே போதும்.