கிரீன் மேட் படப்பிடிப்புக்கு எது ஏற்றது: 1080-ஆ, 4கே-யா, புரோரெஸ்ஸா?

கைபேசியில் கிரீன் மேட் முன் எடுத்த காட்சி, திரையில் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும். பச்சைப் பின்னணியை மென்பொருளால் நீக்கும் கீயிங்கைச் செய்தவுடன் தலைமுடி ஓரம் பச்சையாகும், விரல் ஓரங்கள் படிக்கட்டு போல உடையும். பலர் விளக்கையோ துணியையோ குறை சொல்வார்கள். அவை சரியாக இருந்தாலும் இந்தக் கோளாறு வரும். காரணம், கோப்புக்குள் நிறம் சேமிக்கப்படும் முறை.

கைபேசிகள் வழக்கமாகப் பதிவு செய்வது 4:2:0 முறையில். ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி ஒளிர்வு உண்டு. ஆனால் இரண்டுக்கு இரண்டாக அமைந்த நான்கு புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே நிற மதிப்புதான். 1920×1080 காட்சியில் நிறம் உண்மையில் 960×540 அளவுதான். நம் கண் ஒளிர்வை நுணுக்கமாகவும் நிறத்தைத் தோராயமாகவும் பார்ப்பதால் இழப்பு தெரிவதில்லை. கீயிங் மென்பொருளோ நிறத்தை நம்பியே வேலை செய்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் பச்சைத் திரையின் மதிப்பு 40, 180, 60 என்றும், முடியின் மதிப்பு 30, 20, 20 என்றும் கொள்வோம். நான்கு புள்ளிகளில் இடப்பக்கம் இரண்டும் முடி, வலப்பக்கம் இரண்டும் திரை. நிறத்தைச் சராசரியாக்கி, ஒளிர்வை அப்படியே வைத்து மறுபடி கட்டினால் முடி ஏறக்குறைய 0, 40, 0 ஆகிறது. திரை 95, 160, 100 ஆகிறது. பச்சையிலிருந்து மற்ற இரண்டில் பெரியதைக் கழிப்பது கீயிங்கின் அடிப்படைக் கணக்கு. திரைக்கு 120 கிடைக்க வேண்டிய இடத்தில் 60 கிடைக்கிறது. அதனால் பாதிதான் மறைகிறது. கழித்தால் சுழிக்குக் கீழே போக வேண்டிய முடிக்கு 40 கிடைக்கிறது. அதனால் மூன்றில் ஒரு பங்கு கரைந்துபோகிறது. மறைக்கும் வரம்பை எப்படி நகர்த்தினாலும் ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றை இழக்க வேண்டும்.

நீலப் பலகையில் மெல்லிய சிவப்பு எழுத்து, பச்சைப் புடவையில் அதே அளவு ஒளிர்வுள்ள அரக்கு நூலிழை போன்றவற்றிலும் இதுவே நடக்கிறது. இரு நிறங்களின் ஒளிர்வும் நெருக்கமாக இருந்தால் ஓரத்தைக் காட்ட நிறம் மட்டுமே மிஞ்சுகிறது. அதுவும் பாதி நுணுக்கத்தில்.

இனி மூன்று வழிகளை ஒப்பிடலாம். நேரடியாக 1080-இல் 4:2:0 எடுப்பதை கீயிங்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலே பார்த்த கோளாறு முழு அளவில் வரும்.

இரண்டாவது வழி, ஆப்பிளின் குறைந்த சுருக்கமுள்ள கோப்பு வடிவமான புரோரெஸ். ஐபோன் புரோ மாடல்களில் 13 புரோ முதல், அதாவது 2021 முதல், புரோரெஸ் 4:2:2 பதிவு கிடைக்கிறது. இதில் நிறம் குறுக்குவாட்டில் மட்டும் பாதியாகிறது, மேல்கீழாகக் குறைவதில்லை. தோள்பட்டையின் மேல் விளிம்பு சுத்தமாகவும், கையின் பக்கவாட்டு விளிம்பு சற்றுக் கரடுமுரடாகவும் வந்தால் 4:2:2-இன் இயல்பு அதுதான். சுருக்கம் குறைவு என்பதால் நிறத்தில் கட்டம் கட்டமான சிதைவும் குறைவு. ஆனால் 4கே-யில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 6 ஜிபி ஆகிறது. விநாடிக்கு 30 பிரேம் வேகத்தில் சாதாரண எச்.இ.வி.சி. பதிவுக்கு நிமிடத்துக்கு 170 எம்பி போதும்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது: 4கே 4:2:0-இல் எடுத்து, 1080-ஆகக் குறைத்து, பிறகு கீயிங் செய்வது. 3840×2160 காட்சியில் நிறம் 1920×1080 அளவில் இருக்கிறது. குறைத்த பின் ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்கே உரிய நிறம் கிடைக்கிறது. நிற நுணுக்கத்தை மட்டும் பார்த்தால் 1080-இல் எடுத்த புரோரெஸ் 4:2:2-ஐ இது மிஞ்சும், ஏனென்றால் அதில் நிறம் 960×1080தான்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. குறைத்ததை மறுபடி சாதாரண எச்.264 கோப்பாகச் சேமித்தால் நிறம் மீண்டும் 4:2:0 ஆகிவிடும், வந்த ஆதாயம் போய்விடும். ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் வைக்கும் 4:4:4 கோப்பாகவே எடுக்க வேண்டும். ffmpeg கருவியில் அதற்கான கட்டளை:

```
ffmpeg -i in.mov -vf "scale=1920:1080:flags=lanczos,format=yuv444p10le" -c:v prores_ks -profile:v 4 out.mov
```

எடிட்டிங் மென்பொருளிலேயே செய்வதானால் 1080 டைம்லைனில் 4கே கிளிப்பை முழுச் சட்டத்துக்குப் பொருத்தி, குறைத்த பிறகே கீயர் வேலை செய்யும்படி வரிசையை அமைக்க வேண்டும். சில மென்பொருள்களில் கீயர் முதலில் 4கே மூலத்தின் மீது ஓடும். எனவே குறைத்ததைத் தனிக் கோப்பாக எடுத்துக்கொள்வது நம்பகமானது.

எல்லாவற்றையும் இது தீர்த்துவிடும் என்று சொல்ல முடியாது. மங்கிய வெளிச்சத்தில் கைபேசி இரைச்சலை அழிக்கும்போது நிறத்தைத்தான் அதிகம் வழித்துவிடுகிறது, எச்.இ.வி.சி. சுருக்கமும் அதன்மேல் சேர்கிறது. அங்கே குறைத்தும் பயனில்லை, புரோரெஸ் சற்றுத் தாங்கும். 4கே சட்டத்தில் பாதியை வெட்டி நெருக்கமாக்கப் போகிறீர்கள் என்றாலும், 4கே-யிலேயே வெளியிட வேண்டும் என்றாலும் குறைக்க இடமில்லை. அப்போது சேமிப்பிடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் 4கே புரோரெஸ்ஸுக்கே போகலாம்.