பத்து நாளில் ஆறு கிலோ, பதினாறு வாரத்தில் எட்டு கிலோ: யூரிக் அமிலக்காரருக்கு எந்த வழி?

மதுரை கீழமாசி வீதியில் ஒரே கடையில் மளிகை மொத்த வியாபாரம் பார்க்கும் இரண்டு பங்காளிகள் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறார்கள். பெரியப்பா மகன் மூத்தவர், சித்தப்பா மகன் இளையவர். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எண்களின் கதை மாறவில்லை. இருவருக்கும் வயது நாற்பதுகளின் பின்பகுதி, எடை 98 கிலோவை ஒட்டி. ரத்தத்தில் யூரிக் அமிலம் மூத்தவருக்கு 8.6, இளையவருக்கு 8.4. இருவருக்கும் முன்பு ஒருமுறை கௌட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வீக்கம், கால் பெருவிரலைத் தாக்கி, தானாக அடங்கியிருந்தது. எடையைக் குறைக்கச் சொன்னேன். இருவரும் குறைத்தார்கள். ஒருவர் மகள் கல்யாணத்தில் நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வந்தவர்களைக் கும்பிட்டார்.

மூத்தவருக்குக் கல்யாணத் தேதிதான் கணக்கு. பத்து நாள் எலுமிச்சைச் சாறும் தேனும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு தம்ளர், ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கரண்டி தேன், சாயங்காலம் ஒரு கொய்யா. மொத்தமே 200 கலோரி தேறாது. பத்தாம் நாள் தராசில் ஆறு கிலோ குறைந்திருந்தது. ஆனால் ஒன்பதாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கே வலது பெருவிரல் அவரை எழுப்பிவிட்டது. போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றார். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவி விட்டிருக்கிறார்கள். வீக்கம் புறங்கால் வரைக்கும் ஏறிய பிறகுதான் என்னிடம் வந்தார். அன்று யூரிக் அமிலம் 10.8.

“ஆட்டுக்கறி தொடவில்லை, மீன் தொடவில்லை. பட்டினி கிடந்தவனுக்கு எப்படி டாக்டர் ஏறும்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சாப்பாட்டில் இல்லை, சிறுநீரகத்தில் இருக்கிறது.

யூரிக் அமிலத்துக்கு மூலமான பியூரினில் பெரும்பங்கு நம் தட்டிலிருந்து வருவதில்லை. உடம்பின் செல்கள் சிதைந்து புதுப்பிக்கப்படும்போது உள்ளேயே உண்டாகிறது. தட்டிலிருந்து வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பட்டினியில் உடம்பு தன் தசையையும் உடைக்கிறது, அதனால் உள்வரவு கூடுகிறது. இது முதல் அடி. இரண்டாவதுதான் கனமான அடி. சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்து கொழுப்பு எரியத் தொடங்கியதும் ரத்தத்தில் கீட்டோன்கள் பெருகுகின்றன. சிறுநீரகக் குழாயில் யூரிக் அமிலம் போய்வரும் வாசலும் கீட்டோன்கள் போய்வரும் வாசலும் ஒன்றுதான். கீட்டோன் பெருகினால் யூரிக் அமிலம் சிறுநீரில் வெளியேறுவதற்குப் பதில் ரத்தத்துக்கே திரும்புகிறது. வரவு கூடி, செலவு அடைபட்டுவிட்டது. இதற்கு மேல் மதுரை வெயிலில் வியர்வையாய்ப் போன நீரும் சேர்ந்தால் சிறுநீரின் அளவே குறைந்துவிடும்.

ரத்தத்தில் யூரிக் அமிலம் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் வரைதான் கரைந்து நிற்கும். அதற்கு மேல் போனால் ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படிகிறது. உடம்பிலேயே குளிர்ந்த ஓரம் கால் விரல். குளிர்ந்த இடத்தில் கரைதிறன் இன்னும் குறைவு. இரவில் உடம்பின் வெப்பமும் சற்று இறங்கும். அவரை இரண்டு மணிக்கு எழுப்பியது தற்செயல் இல்லை.

சரி, அந்த ஆறு கிலோவாவது லாபமா? அவருக்கு ஒரு நாள் தேவை சுமார் 2,400 கலோரி. உள்ளே போனது 200. பத்து நாளில் பற்றாக்குறை 22,000. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்று வைத்தால், தசை ஒன்றும் கரையவில்லை என்றே பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டாலும், மூன்று கிலோகூட வராது. மிச்சம் தண்ணீரும், ஈரலிலும் தசையிலும் இருந்த சர்க்கரைச் சேமிப்பும், காலியான குடலும். கல்யாணச் சாப்பாட்டோடு நான்கு கிலோ திரும்பி வந்தது. வியாபாரிக்கு இந்தக் கணக்கைச் சொன்னதும் உடனே புரிந்துவிட்டது. மருத்துவப் பாடம்தான் அரைகுறையாக ஏறியது.

இளையவரின் பதினாறு வாரத்தில் கதையாகச் சொல்ல ஒன்றுமே நடக்கவில்லை. நாளுக்கு 500 கலோரி குறைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அவர் கடையில் ஆறு தடவை தேநீர் குடிப்பவர், தடவைக்கு இரண்டு கரண்டி சர்க்கரை. அதை இரண்டு தேநீராக்கி, சர்க்கரையை நிறுத்தியதிலேயே ஏறக்குறைய 240 கலோரி போயிற்று. நாம் போடும் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். ஈரலில் ஃப்ரக்டோஸ் எரியும்போது யூரிக் அமிலம் நேரடியாக உற்பத்தியாகிறது. ஆகவே அந்தச் சர்க்கரை எடைக்கும் கெடுதல், விரலுக்கும் கெடுதல். நாள் முழுக்கப் பழச்சாறு குடித்து ‘உடம்பைச் சுத்தம்’ செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஜிகர்தண்டாவை மாதம் ஒருமுறை என்று அவரே ஒதுக்கிக்கொண்டார்.

இரவு நான்கு பரோட்டா இரண்டு கேழ்வரகுத் தோசையானது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியை நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஈரல், குடல், நெத்திலி, பீர் ஆகியவற்றை நிறுத்தச் சொன்னேன். பருப்பையும் கீரையையும் விட்டுவிட வேண்டுமா என்று அவர் கேட்டார், எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004-இல் வெளியான ஆய்வில், பியூரின் மிகுந்த காய்கறிகளால் கௌட் கூடவில்லை. கொழுப்பு நீக்கிய பால் பொருள்கள் அதைக் குறைத்தன. சாம்பாரை விட்டு வெறும் ரசத்தில் நாள் கடத்தும் நோயாளிகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இளையவர் மத்தியானம் மோர் குடித்தார். காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தார்.

வாரம் அரைக் கிலோ. பதினாறு வாரத்தில் 98 கிலோ 90 ஆயிற்று. ஒருமுறைகூட விரல் வீங்கவில்லை. யூரிக் அமிலம் 8.4-இலிருந்து 7.4. வயிற்றுக் கொழுப்பு கரையும்போது இன்சுலின் அளவு இறங்குகிறது. இன்சுலின் கூடுதலாக இருந்தவரை யூரிக் அமிலத்தைத் தேக்கி வைத்த சிறுநீரகம் மெல்ல விட்டுக்கொடுக்கிறது. இங்கே கீட்டோன் நெரிசலுக்கு இடமில்லை.

ஆனால் 7.4 என்பது 6.8-க்கு மேலேதான் இருக்கிறது. மெதுவான வழியைப் புகழ்கிறவர்கள் வழக்கமாக இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எடை குறைந்தாலும், திரும்பத் திரும்பக் கௌட் வருபவருக்குப் படிகங்கள் கரைய வேண்டுமானால் எண் 6-க்குக் கீழே நிற்க வேண்டும். அங்கே எடை மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அபூர்வம்.

இன்னும் இரண்டு போட்டி வழிகள் உண்டு. ஒன்று, தமிழ்நாட்டில் பலர் பின்பற்றும் பேலியோ. சோறும் இட்லியும் இல்லாமல் கறி, முட்டை, வெண்ணெய். பட்டினி இல்லை, ஆனால் கீட்டோன் உண்டு. முதல் சில வாரங்களில் யூரிக் அமிலம் ஏறும். உடம்பு பழகிய பிறகு பலருக்குப் பழைய அளவுக்கு இறங்கிவிடும். அதனால் இதை எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்துத் திட்ட மாட்டேன். கௌட் வந்தவர் ஏற்கெனவே 8-இல் நிற்கும்போது இதைத் தொடங்குவதுதான் தவறு. மருந்தால் யூரிக் அமிலத்தை இறக்கிவிட்டு, ஈரல் போன்றவற்றைத் தவிர்த்து, பிறகு யோசிக்கலாம்.

மற்றொன்று யூரிக் அமிலத்தை இறக்கும் மாத்திரை. ‘எடையெல்லாம் இருக்கட்டும், அல்லோபியூரினால் கொடுங்கள்’ என்று வருகிறவர்கள். இங்கேயும் வேகம் கடிக்கும், ஆனால் எதிர்த்திசையில். யூரிக் அமிலம் மளமளவென்று இறங்கினாலும் மூட்டில் உறைந்திருந்த படிகங்களின் மேற்பரப்பு கரைந்து துணுக்குகள் உதிரும். உதிர்ந்ததை வெள்ளை அணுக்கள் விழுங்கப் போய் மூட்டு தீப்பற்றும். மாத்திரை தொடங்கிய மாதத்தில் வலி வந்து, ‘இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தூக்கி எறிந்தவர்கள் பலர். எடை குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிந்திய முதல் வாரங்களில் கௌட் தாக்குவதும், அடுத்த மாதங்களில் அது அடங்குவதும் இதே சங்கதிதான். பட்டினி முடிந்து மறுபடி சாப்பிடத் தொடங்கும்போது எண் சடாரென இறங்குவதும் ஓர் உதறல்தான். எனவே பத்து நாள் பட்டினிக்காரர் ஏறும்போது ஒரு தடவையும் இறங்கும்போது ஒரு தடவையுமாக ஆபத்தைத் தாண்ட வேண்டும்.

அதனால் மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்குவோம். இளையவருக்கு 100 மில்லிகிராம் அல்லோபியூரினால், கூடவே மூட்டு வீங்காமலிருக்கக் காவலாக 0.5 மில்லிகிராம் கோல்சிசின் தினமும். சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து அல்லோபியூரினாலைக் கூட்டினோம். 300-இல் எண் 5.5 ஆனது. கோல்சிசின் ஆறு மாதத்தில் நின்றது. சிறுநீரகம் பழுதானவருக்கு இந்த அளவுகள் பொருந்தாது. சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளோடு கோல்சிசின் சேர்ந்தால் விஷமாகும். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து வாங்குகிற மருந்து இல்லை இது. அல்லோபியூரினால் தொடங்கி உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

ஒப்பிடச் சொன்னால் என் தீர்ப்பு இது. இதுவரை கௌட் தாக்காமல் எண் மட்டும் 7.5 என்று இருப்பவருக்கு இளையவரின் முதல் பதினாறு வாரம் போதும், மாத்திரை பொதுவாகத் தேவையில்லை. அடிக்கடி தாக்குபவருக்கு மாத்திரையும் காவலும் முதலில், எடை அதன் பிறகு, வாரம் அரைக் கிலோவைத் தாண்டாமல். சாறு மட்டுமே குடிக்கும் பட்டினியை இந்த இருவரில் யாருக்கும் சொல்ல மாட்டேன். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பேன் என்று திருப்பரங்குன்றத்துக்காரர்கள் வந்தால் தடுப்பதில்லை. தண்ணீரை நிறுத்தாதீர்கள், பாலும் ஒரு வேளை உணவும் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லோபியூரினால் சாப்பிடுபவர் ஒரு நாளும் விடாதீர்கள் என்கிறேன்.

தாக்கிய அன்று ரத்தம் பார்த்துவிட்டு ‘6.2 தான், கௌட் இல்லை’ என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வலி உச்சத்தில் சிலருக்கு எண் தாழ்ந்து காட்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அப்போது மூட்டு நீரை எடுத்துப் பார்க்காமல் கௌட் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

மூத்தவருக்கு வலி அடங்கி மூன்று வாரம் கழித்து, காவலோடு 100 மில்லிகிராமில் தொடங்கினோம். இப்போது 95 கிலோ. தம்பியோடு தெப்பக்குளத்துக்கு வருகிறார், பாதிச் சுற்றில் உட்கார்ந்துவிடுகிறார். கடைசியாகப் பார்த்தபோது 6.9. அடுத்த ரத்தப் பரிசோதனை ஆவணி முதல் வாரத்தில். இரண்டாவது மகளுக்கு ஐப்பசியில் நிச்சயதார்த்தம் என்று பத்திரிகை நீட்டினார்.