ஆவியாப் போச்சுன்னு சொன்ன 1,80,000 ரூபாய்: பங்க் வச்சிருக்கிறவங்க படிங்க

ஸ்டாக் கணக்குப் பார்க்க மேனேஜர் வச்சுத் தர்ற ஒரு ஏஜென்சி. பேர் போடலை. மூணு மாசத்துல பெட்ரோல் டேங்கில் மட்டும் 1,80,000 ரூபாய் போயிருக்கு. நேத்துதான் பிடிபட்டது. இன்னும் கை நடுங்குது.

எங்கே நம்பினோம்னா, அந்த ஷீட்டில்தான். முதல் மாசக் கடைசியில் மேனேஜர் அழகா அச்சடிச்சுக் கொண்டுவந்து நீட்டினார். தினமும் ஷார்ட்டேஜ் 27, 28, 29 லிட்டர். பெட்ரோலுக்கு ஆவியாதல் கழிவு விற்பனையில் 0.75% வரை விடலாம், டீசலுக்கு 0.25%தான்னு அவர் கணக்கு. நம்ம விற்பனை நாளைக்கு 4,000 லிட்டர், அப்போ 30 லிட்டர் வரைக்கும் கேள்வி இல்லை. "பாருங்க சார், ஒரு நாள்கூட லிமிட்டைத் தாண்டலை"ன்னார். அப்படி ஒரே சீரா இருந்ததுதான் திருட்டுக்குச் சாட்சின்னு அப்ப உறைக்கலை.

20,000 லிட்டர் டேங்க், படுக்க வச்ச உருளை. குறுக்களவு 2 மீட்டர். பாதி நிறைஞ்சிருக்கும்போது, டேங்குக்குள்ள விட்டு ஆழம் பார்க்கிற டிப் ராடில் 1 மில்லிமீட்டர்னா சுமார் 12, 13 லிட்டர். ராடை எவ்வளவு கவனமா இறக்கினாலும் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே வரும். அதனால உண்மையான தினக் கணக்கு குதிக்கும். இன்னிக்கு 30 குறையும், நாளைக்கு 10 கூடும். 27, 28, 29ன்னு தினமும் வரிசையா வர வாய்ப்பே இல்லை, அந்த ராடால அவ்வளவு நுணுக்கமா அளக்கவே முடியாது. அவர் ஷீட்டில் டிப் சென்டிமீட்டருக்கு ஒரு கட்டமே கிடையாது, லிட்டர் மட்டும்தான்.

இன்னொண்ணு. பெட்ரோல் குறையுறது பெரும்பாலும் லோடு இறக்குற நாள்ல தெரியும். உள்ளே இறங்குற பெட்ரோல் டேங்கில் இருக்கிற ஆவியை வென்ட் குழாய் வழியா வெளியே தள்ளும். வெயில்ல வந்த லோடு மண்ணுக்குள்ள குளிர்ந்து சுருங்கவும் செய்யும். ஒரு டிகிரிக்கு 0.12% அளவுன்னா 12,000 லிட்டர் லோடு 5 டிகிரி குளிர்ந்தாலே 72 லிட்டர். அவர் ஷீட்டில் லோடு வந்த நாளும் 28, வராத நாளும் 28!

லோடு வராத ஒரு நாளை எடுத்துக்குங்க. காலை டிப்படி இருப்பு 9,640. மீட்டர் விற்பனை 4,010. அளவு சரியா வருதான்னு கேன்ல பிடிச்சுப் பார்க்கிற டெஸ்டிங் 4 நாசில், நாசிலுக்கு 5 லிட்டர், மொத்தம் 20, டேங்கில் திரும்ப ஊத்தினதா எழுதியிருக்கு. அப்போ இருக்க வேண்டியது 9,640 − 4,010 + 20 = 5,650. ஷீட்டில் 5,621. குறைவு 29. டெஸ்டிங் போக விற்பனை 3,990, அதுக்கு அனுமதி 29.9. எவ்வளவு கச்சிதம்!

அந்த 20 டேங்குக்குத் திரும்பவே இல்லை. கேன்ல பிடிச்சது வேற வண்டிக்குப் போயிருக்கு. மீட்டர் ஓடிடுச்சு, டெஸ்டிங்னு கழிச்சதால காசு கேட்க ஆள் இல்லை, டேங்க் குறைஞ்சதை ஆவி மேல போட்டாச்சு. நாளைக்கு 20 லிட்டர், லிட்டர் 100 ரூபாய்னே வச்சாலும் 2,000. 90 நாளைக்கு 1,80,000.

மேனேஜரைக் கேட்டதுக்கு முதல் பதில், "சித்திரை வெயில் சார்." மண்ணுக்கடியில இருக்கிற டேங்குக்கு ஏது சித்திரை? அடுத்து, "ராடு பழசு, தேஞ்சிருக்கும்." ராடு தேய்ஞ்சா காலையும் மறுநாள் காலையும் ஒரே மாதிரிதானே தப்பு காட்டும், வித்தியாசம் பெரிசா மாறாதே! ஏஜென்சிக்குப் போன் பண்ணினா, "லிமிட்டுக்குள்ளதான இருக்கு, எங்க பொறுப்பு இல்லை." மூணாவது தடவை எடுக்கவே இல்லை. ஆளும் லீவுல போயிட்டார்.

என்ன செய்யணும்னு விரிவா எழுதணும்னு இருந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். டிப்பை மில்லிமீட்டரோட எழுத வைங்க, சார்ட்டைப் பார்த்து லிட்டரை நீங்களே போடுங்க. டெஸ்டிங் கேனை டேங்கில் கவிழ்க்கும்போது பக்கத்துல நில்லுங்க. 20 லிட்டர்னா ராடில் ஒண்ணரை மில்லிமீட்டர்தான், அளந்து கண்டுபிடிக்க முடியாது, கண்ணாலதான் பார்க்கணும். ஷார்ட்டேஜை ஒரு நாளுக்குப் பார்க்காம மாசம் பூரா கூட்டிப் பாருங்க, லோடு நாளைத் தனியாப் பிரிச்சு. லோடு இறங்கின உடனே டிப் எடுக்காதீங்க, கொஞ்சம் அடங்கட்டும்.

எனக்கு 1,80,000 போனது போனதுதான். டீசல் டேங்க் ஷீட்டை இனிமேதான் பிரிக்கணும், அதுலயும் தினமும் ஒரே நம்பராத்தான் தெரியுது.