முகம் மாற்றும் முன்: சிமிலாரிட்டியா, அஃபைனா?

சென்னையில் கல்யாண ஆல்பம் வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்த தலைவலிதான்: மேடை குரூப் போட்டோவில் எல்லோரும் அழகாக இருப்பார்கள், பெரியப்பா மட்டும் கண்ணை மூடியிருப்பார். அடுத்த ஃபிரேமிலிருந்து அவர் முகத்தையே எடுத்து வைப்போம். அந்த முகத்தைப் புது இடத்துக்குப் பொருத்த சிமிலாரிட்டி, அஃபைன் என்ற இரண்டு முறையையும் ரொம்ப நாளாகவே பயன்படுத்தி வருகிறேன், இப்போது சிமிலாரிட்டிதான் என் வழக்கம்.

சிமிலாரிட்டி முகத்தைச் சுழற்றும், நகர்த்தும், எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெரிதாக்கும் அல்லது சிறிதாக்கும், அவ்வளவுதான். அஃபைன் அதோடு நிற்காமல் அகலத்தைத் தனியாக, உயரத்தைத் தனியாக மாற்றும், சாய்க்கவும் செய்யும். கண்களையும் வாயையும் கொடுத்தால் மூன்று புள்ளிகளும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், அந்தக் கச்சிதம்தான் ஏமாற்றுகிறது.

ஒரு கணக்கு. எடுக்கும் படத்தில் முகம் நேராக இருக்கிறது: கண்களுக்கு இடையே 140 பிக்சல், கண்ணிலிருந்து வாய்க்கு 150. வைக்க வேண்டிய படத்தில் தலை சுமார் 30 டிகிரி திரும்பியிருப்பதால் கண் இடைவெளி 122 ஆகச் சுருங்கியிருக்கிறது, வாய் தூரம் அதே 150. கண்கள் இரண்டை மட்டும் வைத்து சிமிலாரிட்டி போட்டால் அளவு 0.87, அதாவது முகமே சின்னதாகி வாய் 19 பிக்சல் மேலே ஏறிவிடும், தாடைக் கோடு கழுத்தோடு சேராது. அஃபைன் போட்டால் எல்லாம் பொருந்தும், ஆனால் 24 பிக்சல் வட்டமாக இருந்த கருவிழி 21-க்கு 24 என்று நீள்வட்டமாகும். வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு "மாமா ஏன் இளைச்ச மாதிரி இருக்கார்?" என்பார்கள், காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கண்களோடு வாயின் இரு ஓரங்களையும் சேர்த்து, பிழையை எல்லாப் புள்ளிகளுக்கும் பகிர்ந்து சிமிலாரிட்டி போட்டால் அளவு சுமார் 0.95-க்கு வரும். ஒவ்வொரு கண்ணும் ஐந்தாறு பிக்சல் வெளியே தள்ளும். முழு முகத்தையும் மாற்றுவதால் பெரும்பாலும் அது தெரியாது, கருவிழியும் வட்டமாகவே இருக்கும்.

அஃபைனை நான் தூக்கி எறியவில்லை, சோதனைக்கு வைத்திருக்கிறேன்:

```python
A = cv2.getAffineTransform(src3, dst3)
s = np.linalg.svd(A[:, :2], compute_uv=False)
print(s[0] / s[1])
```

முகம் அதிகம் இழுபடும் திசைக்கும் குறைவாக இழுபடும் திசைக்கும் உள்ள இந்த விகிதம் 1-க்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டு முறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மேலே சொன்ன படத்தில் 1.15 வரும். அப்படி வந்தால் தலை அதே பக்கம் திரும்பிய வேறு ஃபிரேமைத் தேடுவேன், ஏனென்றால் திரும்பிய முகத்தில் மூக்கு கண்ணை விட அதிகமாக நகர்ந்திருக்கும், படத்தைத் தட்டையாக இழுத்துப் பொருத்தும் எந்த முறையும் அதைச் சரிசெய்யாது. வாய் திறந்து சிரித்திருந்தாலும் விகிதம் ஏறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அஃபைனுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடம் ஒன்று உண்டு. சின்ன மண்டபத்தில் 24 எம்எம் லென்ஸில் எடுத்தால் வரிசையின் கடைக்கோடியில் நிற்பவர் முகம் பக்கவாட்டில் கால்வாசி வரை இழுபடும். நடுவில் நின்றபோது எடுத்த முகத்தை அங்கே வைக்கும்போது அந்த இழுவையும் வேண்டும், இல்லாவிட்டால் அகன்ற தோளுக்கு மேல் ஒடுங்கிய முகம் நிற்கும்.