ஒரே அம்மம்மா, மூன்று தூரம்: பென்சிலா, போன் படமா, தடம் எடுப்பதா?

கிளிநொச்சி அக்கராயன் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுத்திட்ட வீட்டில், தைப்பொங்கல் காலையில் இரண்டரை நிமிட வீடியோ ஒன்று எடுப்பதென்று முடிவாயிற்று. அதில் முக்கியமாக வருகிறவர்கள் நான்கு பேர்: அம்மம்மா, அம்மா, கொழும்பிலிருந்து வரும் மாமா, எட்டு வயதுத் தங்கச்சி. 2009க்கு முந்திய ஆல்பம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இடம்பெயர்ந்து போன வழியில் எல்லாம் போய்விட்டது. அதனால் அம்மம்மா முற்றத்தில் நின்று பொங்குகிற இந்த ஒரு காலையாவது ஒழுங்காகப் பதிவாக வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் இருந்தது. முதலில், எடுக்கப்போகிற காட்சிகளை வரிசையாகத் தாளில் படமாக வைத்துப் பார்க்கிற ஸ்டோரிபோர்ட்டைப் பதினாறு சட்டகங்களில் போட்டுக்கொள்ளலாம் என்று தொடங்கினேன்.

அதைப் பென்சிலால் வரையலாம், போனில் படம் எடுத்து ஒட்டலாம், அல்லது படத்தின் மேல் தாளை வைத்துத் தடம் எடுக்கலாம். மூன்றையும் ஒரே மூன்று சட்டகங்களில் செய்து பார்த்தேன். முற்றம் முழுவதும் தெரிகிற வைட் ஷாட், பானைக்கு இரு பக்கமும் அம்மம்மாவும் தங்கச்சியும் இருக்கிற மிட் ஷாட், பால் பொங்கும்போது அம்மம்மாவின் முகம் மட்டும் வருகிற குளோஸப். மூன்றிலும் இருப்பது அதே அம்மம்மாதான் என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது அது மட்டும்தான்.

பென்சிலில் முதலில் மாட்டிக்கொண்டது வைட் ஷாட். சட்டகத்தின் அகலம் பன்னிரண்டு சென்டிமீட்டர், உயரம் ஏறத்தாழ ஏழு. அதில் ஆள் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு நின்றால் இரண்டேகால் சென்டிமீட்டர்தான் வரும். தலை மூன்று மில்லிமீட்டர், ஒரு உளுந்தளவு. அந்த உளுந்துக்குள் கண்ணையும் மூக்கையும் வரைய முயன்றால் கறுப்புப் புள்ளிதான் மிஞ்சும். தூரத்தில் ஒருவரை முகத்தை வைத்து யாரும் அடையாளம் காண்பதில்லை. உயரம், நிற்கிற சாயல், உடுப்பின் நிறம் ஆகியவற்றை வைத்துத்தான் காண்கிறோம். படலையடியில் வருவது யார் என்று வயல் வரம்பிலிருந்தே நாங்கள் சொல்லிவிடுவது அப்படித்தானே. அம்மம்மாவின் முதுகு சற்றுக் கூனல், தலை உடம்புக்கு முன்னே நீண்டிருக்கும். முகத்தை விட்டுவிட்டு அந்த வளைவை மட்டும் ஒரே கோட்டில் இழுத்தபோது, பக்கத்தில் இருந்த அம்மா உடனே யாரென்று சொன்னார்.

உயரத்துக்குக் கண்மட்டக் கோடு கைகொடுத்தது. எங்கள் பக்கம் நிலம் தட்டையானது. வேலிக்கு அப்பால் வயலும் வானமும் சேர்கிற கோடு தெளிவாகவே தெரியும். கமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில்தான் அந்தக் கோடு எல்லோர் உடம்பையும் வெட்டும். ஆள் கிட்ட நின்றாலும் தூர நின்றாலும் அது மாறாது. நான் கமராவைத் தங்கச்சியின் கண் உயரத்தில், மூன்றடி ஒன்பது அங்குலத்தில் வைப்பதென்று தீர்மானித்தேன். அப்படியானால் கோடு தங்கச்சியின் கண்ணில் போகும். நாலடி பத்தங்குல அம்மம்மாவுக்குக் கக்கத்தடியில் போகும். ஐந்தடி ஆறங்குல மாமாவுக்கு நெஞ்சுக்குழியில். கோட்டை முதலில் போட்டுவிட்டு ஆட்களை அதில் தொங்கவிடுவது போல வரைந்தால், கிணற்றடியில் நிற்கிற மாமாவும் பானையடியில் நிற்கிற தங்கச்சியும் தங்கள் அளவிலேயே இருப்பார்கள். எனக்குச் சித்திரம் சரியாக வராது. ஆனாலும் வைட் ஷாட்டில் பென்சில் வென்றது இந்தக் கோட்டால்தான்.

குளோஸப்பில் அதே பென்சில் என்னைக் கைவிட்டது. அம்மம்மாவின் முகத்தை மூன்று முறை வரைந்தேன், மூன்று கிழவிகள் வந்தார்கள். இடது கன்னத்து மச்சத்தையும் நடுவகிட்டையும் சரியாகவே போட்டேன். ஆனால் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலான தூரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறியது. முகத்துக்கு அந்தக் கொஞ்சமே போதும், வேறு ஆளாகிவிடும்.

சரி, போனில் படம் எடுத்தே ஒட்டுவோம் என்று இறங்கினேன். முகம் வேறு ஆளாகிற பிரச்சினை இதில் இருக்காது என்றுதான் எண்ணினேன், ஆனால் அதிலும் மாட்டிக்கொண்டேன். போனின் வழமையான கமரா அகலமாகப் பார்க்கிற வில்லை. கையெட்டும் தூரத்தில் வைத்து முகத்தை எடுத்தால் மூக்குப் பெருத்து, காது பின்னால் ஒதுங்கிவிடும். மிட் ஷாட்டில் இருந்த அம்மம்மாவும் குளோஸப்பில் இருந்த அம்மம்மாவும் அக்கா தங்கை போல இருந்தார்கள். குளோஸப்புக்கும் ஐந்தாறு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தபோது முகம் தன் வடிவத்துக்கு வந்தது. படம் கொஞ்சம் மங்கல்தான். ஸ்டோரிபோர்ட்டுக்கு அது போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆளிலும் வெளிச்சத்திலும் வந்தது. மாமா பொங்கலுக்கு முதல்நாள் இரவுதான் வருவார். அவருக்குப் பதிலாகப் பக்கத்து வளவுப் பெடியனை நிறுத்தி எடுத்தேன். அவன் ஐந்தடி பதினொரு அங்குலம். கண்மட்டக் கோடு அவனுக்குத் தொப்புளுக்குச் சற்று மேலே போயிற்று. அந்தப் படத்தை நம்பி, கிணற்றடி மாமரக் கிளை அவர் தலைக்கு மேலே தொடுவதுபோல ஒரு சட்டகத்தைத் தீர்மானித்து வைத்திருந்தேன். உண்மையான மாமா அங்கே வந்து நின்றால் தலைக்கும் கிளைக்கும் நடுவே ஐந்தங்குலத்துக்கு வானம்தான் தெரியும்.

வெளிச்சம் இன்னும் மோசம். நான் படங்களை எடுத்தது பின்னேரம் ஐந்து மணிக்கு. பானைக்குப் பின்னால் நின்று கிழக்கே பார்க்கிற எல்லோருக்கும் அப்போது சூரியன் முதுகுப் பக்கம். முன்னால் நின்று எடுத்ததில் முகங்கள் இருண்டு, மச்சம் இருந்த இடமே தெரியவில்லை. அதனால் கமராவை மேற்குப் பக்கம் மாற்றினால் நல்லது என்று அந்தப் படங்களைப் பார்த்து முடிவெடுத்தேன். ஆனால் பொங்கல் காலையில் சூரியன் தென்கிழக்குப் பக்கமாக ஏறும். மேற்கில் நின்றால் கமரா நேரே சூரியனைத்தான் பார்க்கும், எல்லோரும் நிழலுருவாகிவிடுவார்கள். கமரா நிற்க வேண்டியது கிழக்கில், பானைக்கு எதிரே. போன் படம் பொய்யான நேரத்தின் வெளிச்சத்தை உண்மை போலக் காட்டுகிறது. பென்சில் சட்டகத்தில் வெளிச்சமே கிடையாது. ஓரத்தில் சூரியன் வருகிற பக்கத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டால் போதும், யாரும் ஏமாறமாட்டார்கள்.

மூன்றாவது வழியைத்தான் கடைசியில் அதிகம் நம்பினேன். ஒவ்வொருவரையும் மூன்று படம் எடுத்தேன்: நேரே நிற்பது, பக்கவாட்டில் நிற்பது, பலகையில் பக்கவாட்டாக இருப்பது. மாமா தன்னுடையதைப் போனை ஆறடி தள்ளி வைத்து எடுப்பித்துக் கொழும்பிலிருந்து அனுப்பினார். அவற்றைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து, காலை வெளிச்சம் விழுகிற யன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே மெல்லிய தாளை வைத்துக் கோடிழுத்தேன். பிறகு அந்தக் கோட்டுப்படத்தைப் போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்து, முழு அளவு, பாதி, கால் என்று மூன்று அளவில் எடுத்தேன். ஒரே மூலத்திலிருந்து மூன்று தூரமும் வருவதால் கண்ணுக்கும் மூக்குக்குமான தூரம் மாறவே வழியில்லை. பென்சிலில் மூன்று கிழவிகளாகப் போனவர் இங்கே ஒரே ஆளாக இருந்தார்.

கால் அளவுக்குச் சுருக்கியதும் முகத்துக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி அழுக்குப் போலாகிவிடும். ஆகவே மூலத்திலேயே இரண்டு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். கிட்டத்துக்கு எல்லாக் கோடும் உள்ளது, தூரத்துக்கு வெளிக்கோடும் சேலை விழுகிற கோடும் மட்டும் உள்ளது. நடு அளவில் மச்சம், வகிடு, சேலைக் கரை மூன்றையும் விட்டுவைத்தேன், சுருக்கங்களை எடுத்துவிட்டேன்.

தடம் எடுப்பதில் எல்லோரும் ஒரு முறையாவது விழுகிற குழி, தாள் திரும்பிப்போவது. மெல்லிய தாளை மறுபக்கம் திருப்பித் தேய்த்து வேறு தாளில் பதித்தால், இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போய்விடும். போனின் முன்பக்கக் கமராவால் எடுத்த படங்களிலும் சில போன்களில் இதே கதைதான், மாமா அனுப்பியவற்றில் ஒன்று அப்படி வந்திருந்தது. பெண்களின் படத்தில் இதைக் கண்டுபிடிக்கச் சேலைத் தலைப்பைப் பார்த்தால் போதும். தலைப்பு இடது தோளில் விழ வேண்டும், வலதில் விழுந்திருந்தால் படம் திரும்பியிருக்கிறது. ஆண்களுக்குச் சட்டைப் பையைப் பார்க்கலாம், அது பெரும்பாலும் இடது நெஞ்சில் இருக்கும்.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. எடுத்து வைத்த கோணங்களுக்கு வெளியே போக முடியாது. தங்கச்சி பானைக்கு மேலே குனிந்து எட்டிப் பார்க்கிற சட்டகத்துக்கு என்னிடம் படம் இருக்கவில்லை. நேரே நிற்கிற தலையை வெட்டிக் குனிந்த உடம்பில் ஒட்டிப் பார்த்தேன், கழுத்து முறிந்தது போல இருந்தது. அதைப் பென்சிலால்தான் வரைந்தேன்.

ஆகவே என் பதினாறில் ஐந்து வைட் ஷாட்டையும் கண்மட்டக் கோட்டோடு பென்சிலில் வரைந்தேன். குனிகிற அந்த ஒன்றும் பென்சில். மிட் ஷாட்டும் முகக் குளோஸப்புமாக எட்டு, தடம் எடுத்தவை. மிச்சம் இரண்டும் கைகள் மட்டும் வருகிற குளோஸப். அம்மம்மா அரிசியைப் பானைக்குள் இடுகிற கை, தங்கச்சி வாழையிலையைத் துடைக்கிற கை. அவற்றுக்குப் போன் படமே போதும், விரல்களில் ஆள் மாறாட்டம் வராது. பாணி கலந்திருக்கிறதே என்று அம்மா கேட்டார். ஸ்டோரிபோர்ட்டை வைத்திருக்கப்போகிறவர்கள் நாங்கள்தான். கோடு ஒரே மாதிரி இருப்பது எனக்குத் தேவையில்லை, ஆள் ஒரே ஆளாக இருந்தால் சரி. எல்லாவற்றையும் இணைக்க ஆளுக்கொரு நிறப் பென்சில் வைத்து, உடுப்பை மட்டும் மெல்லத் தடவினேன். அம்மம்மா இளநீலம், அம்மா பச்சை, தங்கச்சி மஞ்சள், மாமா வேட்டிக்கு வெள்ளை. பொங்கலன்று உடுக்கப்போகிற நிறங்களை முன்னரே கேட்டு வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு சோதனை செய்தேன். பதினாறையும் சுவரில் ஒட்டி, மூன்று எட்டுத் தள்ளி, எங்கள் வீட்டுக்கு அதிகம் வராத ஒரு பிள்ளையை நிறுத்தினேன். குளோஸப் முகங்களைக் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுத்துவிட்டு, மற்றச் சட்டகங்களில் யார் யார் என்று கேட்டேன். இரண்டு வைட் ஷாட்டில் மாத்திரம் திக்கினாள். இரண்டிலும் குழப்பம் ஒன்றுதான். கிணற்றடியில் வேட்டியோடு நிற்கிற மாமாவும், வேலியோரம் வேட்டியோடு வந்து போகிற அயலவரும் ஒரே உயரத்தில் இரண்டு வெள்ளைக் கீற்றாக இருந்தார்கள். மாமாவின் தோளில் சிவப்புச் சால்வை ஒன்றைப் போட்டேன். திரும்பக் கேட்டபோது தயங்காமல் கைகாட்டினாள். அன்றிரவே மாமாவுக்குத் தொலைபேசி எடுத்து, வரும்போது சிவப்புச் சால்வையை மறக்காமல் கொண்டுவரச் சொன்னேன்.