அன்பு இருக்கிறது, ஆனால் ஒருவருக்குக் குழந்தை வேண்டாம்: பிரிவதா, காத்திருப்பதா?

என் தோழிக்கு 33 வயது, அவள் காதலித்தவருக்கு 36. ஐந்து ஆண்டுப் பழக்கம். இரண்டு வீட்டிலும் சம்மதித்துவிட்டார்கள், கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்திருந்த நேரம். அப்போதுதான் அவர் தெளிவாகச் சொன்னார், தனக்குக் குழந்தை வேண்டாம் என்று. அப்பா இறந்த பிறகு பதினைந்து வயதில் தொடங்கி இரண்டு தம்பிகளை வளர்த்து ஆளாக்கியவர் அவர். இன்னொரு முறை அந்தப் பொறுப்பைச் சுமக்க மனமில்லை என்றார். அவளுக்கோ குழந்தை இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. யார்மீதும் தப்பில்லை. அதனாலேயே முடிவெடுப்பது கடினமாக இருந்தது.

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சொன்ன முதல் வழி: கல்யாணம் செய்துகொள், மனம் மாறிவிடும். இந்த வழி எல்லோருக்கும் தவறு என்று நான் சொல்லவில்லை. 'இப்போது வேண்டாம்' என்பவருக்கும் 'எப்போதும் வேண்டாம்' என்பவருக்கும் வேறுபாடு உண்டு. அதைக் கண்டுபிடிக்க, தடைகளை ஒவ்வொன்றாக நீக்கிக் கேட்க வேண்டும். கடன் தீர்ந்துவிட்டால்? சொந்த வீடு வந்துவிட்டால்? குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்து தங்கினால்? எங்கேயாவது ஓரிடத்தில் அவர் குரல் இளகினால் தடை சூழ்நிலையில்தான் இருக்கிறது, காத்திருக்கலாம். தோழி கேட்ட எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான் வந்தது: "அப்போதும் வேண்டாம்."

காத்திருப்பதன் விலையும் இருவருக்கும் ஒன்றல்ல. முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று; 40 வயதில் அது பத்தில் ஒன்று அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அவர் 41 வயதில் மனம் மாறினால் அவருக்குப் பெரிய இழப்பில்லை. அவளுக்கு அப்போது 38.

கருமுட்டையை உறைய வைத்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, இடையிடையே ஸ்கேன், பிறகு மயக்க மருந்து கொடுத்து முட்டையை எடுப்பார்கள். முட்டையின் வயது அங்கே நின்றுவிடும். பின்னால் குழந்தை நிச்சயம் என்ற உறுதி அப்போதும் இல்லை. இருவருக்குள் உள்ள கருத்து வேறுபாடோ அப்படியே இருக்கும். தத்தெடுப்பும் நடுவழி ஆகாது. கணவன் மனைவி இருவரும் சம்மதித்தால்தான் இந்தியாவில் தத்தெடுக்க முடியும்.

அடுத்த வழி, ஒருவர் விட்டுக்கொடுப்பது. அவள் விட்டுக்கொடுத்தால் ஏக்கம் அவளோடு நிற்கும். அவர் விட்டுக்கொடுத்தால், வேண்டாம் என்று நினைத்த அப்பாவிடம் ஒரு குழந்தை வளரும். இரண்டில் பின்னதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அந்தப் பேரத்தில் குழந்தையை யாரும் கேட்கவில்லையே.

தோழி விட்டுக்கொடுக்க நெருங்கியிருந்தாள். காரணம் ஒரு கேள்வி. "உடல் காரணத்தால் உங்களுக்குக் குழந்தை பிறக்காது என்று தெரிந்திருந்தால் அவரை விட்டுப் போவாயா?" என்று அவள் அக்கா கேட்டாள். மாட்டேன் என்றாள். "அப்படியென்றால் இப்போது மட்டும் ஏன்?" நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வியில் ஒரு பிசகு உண்டு. குழந்தை பிறக்காமல் போனால் இருவரும் ஒரே பக்கம் நின்று ஒரே துக்கத்தைச் சுமப்பார்கள். இங்கே ஒருவருடைய நிம்மதிதான் மற்றவருடைய துக்கம். தங்கை வீட்டுக் குழந்தையின் பெயர்சூட்டு விழாவுக்குப் போய்த் திரும்பும் பஸ்ஸில் அவள் அழுதால், ஆறுதல் சொல்ல வேண்டியவரும் அவர்தான், காரணமும் அவர்தான். எத்தனை அன்பு இருந்தாலும் அந்த இடத்தில் அது பேச்சற்றுப் போகும்.

கடைசி வழி பிரிவது. அதன் வலி பெரியது. அன்பு தீராமல் பிரிவதால் கோபத்தின் துணைகூட இல்லை. ஆனால் இருவருக்கும் அவரவர் வாழ்க்கை மிஞ்சுகிறது. அவளுக்கு இன்னொரு கல்யாணம் அமையாவிட்டாலும் வழி அடைபடவில்லை. தனித்து வாழும் பெண்ணும் சட்டப்படி தத்தெடுக்கலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்க அந்தப் பெண்ணின் வயது வரம்பு 40. 33 வயதில் பிரிவதற்கும் 39 வயதில் பிரிவதற்கும் உள்ள இடைவெளி இதுதான். குழந்தை வேண்டாம் என்பது அவருடைய மாறாத முடிவு என்று தெரிந்த பிறகு, நான் பிரிவின் பக்கமே நின்றேன். அவளிடமும் அதையே சொன்னேன்.

பிரிந்த பிறகு ஆறு மாதம் பேசிக்கொள்வதில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள். தினமும் நலம் விசாரித்துக்கொண்டே பிரிய முடியாது என்று சொன்னவர் அவர்தான். வீட்டில் சொல்வதுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது. "அந்தப் பையன் என்ன தப்பு செய்தான்?" என்று அப்பா கேட்டார்.

"ஒரு தப்பும் செய்யவில்லை, அப்பா. கல்யாணத்துக்கு முன்பே உண்மையைச் சொன்னார்."

மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்க மறுநாள் காலை அப்பாவே போய்வந்தார்.